கோபத்துல எழுதின மெமோவை மன்னிப்பு வீடியோ ஸ்கிரிப்டா மாத்துறது எப்படி: படிப்படியா முழு வழிகாட்டி

வெள்ளவத்தையில ஒன்லைன்ல சாரியும் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டையும் விக்கிற ஒரு சின்னக் கடை இருக்கு. ஒரு அக்கா நடத்துறா, பக்கிங்குக்கு ரெண்டு பிள்ளைகள், இன்பொக்ஸ் பாக்க ஒரு தம்பி, அவ்வளவுதான் ஆக்கள். தீபாவளிக்கு 9 நாள் இருக்கேக்க, சனிக்கிழமை ராத்திரி 11.40க்கு அக்கா ஸ்டாஃப் க்ரூப்புல ஒரு மெமோ போட்டா. அடுத்த நாள் விடிய எனக்கு அதை ஃபோர்வர்ட் பண்ணி, "தம்பி, இதை வச்சு ஒரு மன்னிப்பு வீடியோவுக்கு எழுதித் தா, சனம் கொமெண்ட்ல கிழிக்குது" எண்டு கேட்டா. நான் சின்னக் கடைகளுக்கு வீடியோ ஸ்கிரிப்ட் எழுதிக் குடுக்கிற ஆள். அந்த மெமோவை எப்படி ஸ்கிரிப்டா மாத்தினோம் எண்டதை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் இங்க எழுதுறன், இதே நிலைமையில நிக்கிற வேற கடைக்காரருக்கும் உதவும்.

மெமோ இதுதான், அக்காட்ட கேட்டுத்தான் போடுறன்:

"எல்லாருக்கும் கடைசியாச் சொல்றன். தீபாவளிக்கு இன்னும் 9 நாள்தான், 83 ஓடர் கடையிலயே கிடக்கு. 4 நாள்ல வரும் எண்டு பேஜ்ல போட்டது நான்தான், ஆனா ஏலாதெண்டா அண்டைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கோணும். பிளவுஸ் தைக்கிற அண்ணா 3 தரம் நாள் மாத்திட்டார், ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல. ஃபோன் நம்பரும் விலாசமும் பிழையா எழுதி 11 பார்சல் திரும்பி வந்திருக்கு. கூரியர் 2 நாள் வரவே இல்ல. கஸ்டமர்ஸ் ஒரு ஓடருக்குப் பத்து மெசேஜ் போட்டுக் கொல்லுறாங்க, இன்பொக்ஸ்ல 400 மெசேஜ் திறக்காமக் கிடக்கு. மட்டக்களப்பு அக்கா ஒராள் 18,500 ரூபா முழுக்காசும் போட்டு 13 நாள், அவவுக்கு ஒரு பதில் கூடப் போகல்ல. நாளைக்குள்ள எல்லாம் வெளியில போகோணும், இல்லாட்டி ஒருத்தருக்கும் போனஸ் இல்ல."

இதை வாசிச்ச உடன ஒண்டு விளங்கிச்சு. இந்த மெமோவுல மன்னிப்பு வீடியோவுக்குத் தேவையான எல்லாமே இருக்கு. எத்தினை ஓடர், என்ன பிழை, ஆருக்கு நடந்தது, எத்தினை நாள், எல்லாம் உண்மையா எழுதியிருக்கு. பொதுவா என்ன செய்வாங்க எண்டா, மெமோவை ஒரு பக்கம் வச்சிட்டு, "அன்பான வாடிக்கையாளர்களே" எண்டு புதுசா ஒண்டு எழுதத் தொடங்குவாங்க, அப்ப கோபத்தோட சேர்ந்து உண்மையும் போயிடும். மெமோவுல இருக்கிற கோபத்தை மட்டும் எடுக்கோணும், விஷயத்தை விடக் கூடாது. இந்த முழு வேலையும் அதுதான்.

முதல்ல, வீடியோ தேவையா எண்டு பாருங்க

பத்துப் பதினைஞ்சு ஓடர் மட்டும்தான் பிந்தினதெண்டா வீடியோ வேண்டாம். உக்காந்து ஒவ்வொருத்தருக்கும் கோல் எடுங்க, ஒரு பின்னேரத்துல முடிஞ்சிடும். வீடியோ போட்டா பிரச்சினை தெரியாத ஆக்களுக்கும் தெரிய வரும். இந்தக் கடையில 214 தீபாவளி ஓடர்ல மூண்டுல ஒரு பங்குக்கு மேல நிண்டுபோச்சு, கொமெண்ட்ல வெளிப்படையாவே கேள்வி வந்துகொண்டிருந்தது, பழைய போஸ்டுக்குக் கீழயும் "ஏமாத்துறாங்க" எண்டு ரெண்டு மூண்டு பேர் எழுதியிருந்தாங்க. அந்த அளவுக்குப் போனாத்தான் முகத்தைக் காட்டிக் கதைக்கிறது சரி.

அப்படி இருந்தாலும் ஆகப் பாதிக்கப்பட்ட ஆள் வீடியோவுல பாத்து விஷயம் அறியக் கூடாது. அந்த மட்டக்களப்பு அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலமயே கடைக்கார அக்கா நேர கோல் எடுத்தா. அவ முதல்ல சரியான கோபமாத்தான் கதைச்சா, ஏசினா, பிறகு அழுதா, மகளின்ட முதல் சாரி அது. இந்தக் கோலை எடுக்காம வீடியோ போட்டிருந்தா, முதல் கொமெண்ட் அவவின்டதாத்தான் இருந்திருக்கும், அதுல ஒரு பிழையும் இருந்திருக்காது.

மெமோவைப் பிரிக்கிறது

மெமோவைப் பிரின்ட் எடுத்து நாலு கலர் ஹைலைட்டரோட உக்காருங்க. ஃபோன் ஸ்கிரீன்ல செய்யாதீங்க, ஒண்டை விட்டிட்டுப் போயிடுவீங்க. நடந்த விஷயமும் எண்ணிக்கையும் ஒரு கலர். காரணம் எண்டு சொல்றது இன்னொரு கலர். ஆரையாவது குத்தம் சொல்ற இடம் மூண்டாவது. இனி நடக்கப்போறதைப் பற்றிச் சொல்றது நாலாவது, அது வாக்கா இருந்தாலும் வெருட்டலா இருந்தாலும் சரி.

நாங்க செய்து பாத்தப்ப பெரும்பாலான வசனத்துல ரெண்டு கலர் விழுந்தது. "ஃபோன் நம்பரும் விலாசமும் பிழையா எழுதி 11 பார்சல் திரும்பி வந்திருக்கு" எண்டதுல 11 பார்சல் எண்டது நடந்த விஷயம், பிழையா எழுதினது எண்டது பக்கிங் பிள்ளைகளைக் குத்தம் சொல்றது. "பிளவுஸ் தைக்கிற அண்ணா 3 தரம் நாள் மாத்திட்டார்" எண்டதுல தையல் பிந்தினது உண்மை, மிச்சம் அந்த அண்ணா மேல இருக்கிற கோபம். இப்படி ஒரே வசனத்துக்குள்ள கோடு போட்டுப் பிரிக்கிற இடத்துலதான் நேரம் எடுத்துக்கொள்ளோணும், அவசரப்படாதீங்க.

குத்தம் சொல்ற கலர் விழுந்த ஒண்டும் அப்படியே வீடியோவுக்குப் போகாது. அதுக்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். ஒவ்வொண்டையும் எடுத்து "இதுல கடையா நாங்க செய்யாம விட்டது என்ன" எண்டு கேளுங்க. தையல்கார அண்ணா நாள் மாத்தினார், சரி, ஆனா அவர்ட்ட எத்தினை பிளவுஸ் ஒரு நாளைக்குத் தைக்க ஏலும் எண்டு கேக்காம ஓடர் எடுத்தது ஆர்? கடைதான். கஸ்டமர் பத்து மெசேஜ் போட்டாங்க, முதல் மெசேஜுக்குப் பதில் போயிருந்தா மிச்ச ஒன்பதும் வந்திருக்காது. இப்படித் திருப்பிக் கேட்டாக் கிடைக்கிற பதில்தான் ஸ்கிரிப்டுக்குள்ள போகும்.

போனஸ் வசனத்தை முழுசா வெட்டிட்டோம், அது வீட்டுக்குள்ள கதைக்க வேண்டியது. அதைப் பிறகு அக்கா க்ரூப்புலயே திரும்ப எடுத்திட்டா.

ஒவ்வொரு எண்ணையும் திரும்ப எண்ணுங்க

கோபத்துல சொல்ற கணக்கு பெரும்பாலும் கொஞ்சம் பிழைச்சிருக்கும், பொய் சொல்றாங்க எண்டில்ல, ராத்திரி 11.40க்குக் களைச்சுப்போய் எழுதினது. ஞாயிறு முழுக்க நாங்க ஓடர் ஷீட்டையும் அலுமாரியில கிடந்த பொதிகளையும் ஒண்டொண்டா ஒப்பிட்டுப் பாத்தோம்.

83ல 5 பேர் ஏற்கனவே ஃபோன்ல கென்சல் பண்ணியிருந்தாங்க, ஷீட்டுல இருந்து எடுக்கல்ல. 2 ஓடர், பதில் வராததால ஒரே ஆள் ரெண்டாம் தரம் போட்டது. உண்மையான கணக்கு 76. அதையும் அப்படியே ஒரு எண்ணா வச்சிருக்கிறதுல பிரயோசனம் இல்ல, ஏனெண்டா கஸ்டமருக்குத் தேவை "என்ட ஓடர் எதுக்குள்ள வருது" எண்டது. சாமான் ரெடி, தையல் இல்ல, குடுத்தாச் சரி எண்டிருக்கிறது 41. திரும்பி வந்தது 11. பிளவுஸுக்காக நிக்கிறது 24. இந்த மூண்டு குவியல்தான் பிறகு ஸ்கிரிப்டுக்கு முதுகெலும்பா வந்தது.

இன்னொரு விதமாவும் பிரிக்கோணும், அது காசு. 76ல 29 பேர் முழுக்காசையும் பேங்க்ல போட்டிட்டாங்க, மிச்ச 47 பேர் சாமான் கைக்கு வந்தாத்தான் காசு குடுப்பாங்க. ரெண்டாவது ஆக்களுக்கு எரிச்சல் இருக்கும், முதலாவது ஆக்களுக்குப் பயம் இருக்கும், காசு போயிட்டுதோ எண்டு. ஒரே மன்னிப்பு ரெண்டு பேருக்கும் போதாது, காசைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத வீடியோ அந்த 29 பேருக்கும் இன்னும் பயத்தைத்தான் கூட்டும்.

பிறகு காரணங்கள். "கூரியர் 2 நாள் வரவே இல்ல" எண்டு மெமோவுல இருந்ததே, தேதியைப் பாத்தா அந்த 2 நாளும் ஞாயிறும் அடுத்த நாள் திங்கட்கிழமை போயாவும். அவங்க வரமாட்டாங்க எண்டு எங்களுக்கே தெரிஞ்சிருக்கோணும். இதைப் பாக்காம "கூரியர் பிரச்சினை" எண்டு வீடியோவுல சொல்லியிருந்தா, கூரியர் கம்பெனியில வேலை செய்ற ஒரு ஆள் கீழ வந்து ஒரே வசனத்துல பதில் எழுதிட்டுப் போயிருப்பார், பிறகு மிச்சம் சொன்னதையும் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டாங்க. உண்மையிலயே கூரியரில பிழை இருந்தாலும் என்ட கருத்து, வீடியோவுல சொல்ல வேண்டாம். கஸ்டமர் காசு குடுத்தது உங்களுக்கு, கூரியரைத் தெரிஞ்செடுத்ததும் நீங்க.

இந்த ஒரு தேதியைப் பாத்ததாலதான் உண்மையான காரணமும் பிடிபட்டது. 4 நாள் எண்டு போடேக்க அக்கா ஞாயிறு, போயா, தையல் நாள் ஒண்டையும் கழிக்கல்ல. பிளவுஸ் ஓடருக்கு 4 நாள் எண்டது எந்தக் கிழமையிலயும் நடக்காத விஷயம். அப்ப பிழை தொடங்கினது அந்தப் போஸ்ட் போட்ட நாள்ல.

அக்கா எழுதின முதல் ஸ்கிரிப்ட்

நான் எண்ணிக்கொண்டிருக்கேக்க அக்காவும் தன்ட பாட்டுக்கு ஒண்டு எழுதினா:

"அன்பான வாடிக்கையாளர்களே, தீபாவளிக் காலத்தில் எதிர்பாராத அளவு ஓடர்கள் வந்த காரணத்தாலும் கூரியர் சேவையில் ஏற்பட்ட தாமதத்தாலும் சில ஓடர்கள் பிந்தியுள்ளன. யாருக்காவது அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். எங்கள் டீம் இரவு பகலாக வேலை செய்துகொண்டிருக்கிறது. உங்கள் பொறுமைக்கு நன்றி."

இதை வாசிச்சா, மெமோ எழுதின அதே ஆள்தான் எழுதினது எண்டு நம்ப ஏலாது. மெமோவுல துணிஞ்சு "போட்டது நான்தான்" எண்டு சொன்ன அக்கா இங்க காணாமப் போயிட்டா.

"எதிர்பாராத" எண்ட சொல்லை எடுங்க. தீபாவளி ஒவ்வொரு வருஷமும் வாறது, கடையே அதுக்குத்தான் விளம்பரம் போட்டது. "சில ஓடர்கள்" எண்டதும் சரியில்ல, 214ல 76. "யாருக்காவது ஏற்பட்டிருந்தால்" எண்டதுதான் ஆகக் கூடாத இடம். அந்த "இருந்தால்" வந்த உடன, நடந்ததா இல்லையா எண்டு கடைக்கே சந்தேகம் எண்ட மாதிரி ஆகிடுது, 13 நாள் காத்திருந்த ஆளுக்கு அது எப்படி இருக்கும். "இரவு பகலாக" எண்டது எங்கட கஷ்டம், அவங்க கேக்கல்ல. "பொறுமைக்கு நன்றி" எண்டா, அவங்க பொறுமையா இல்ல, இருக்கவும் தேவையில்ல, ஏசிக்கொண்டிருக்கிற ஆளுக்கு அப்படிச் சொன்னா வாயை மூடச் சொல்ற மாதிரித்தான் கேக்கும்.

அதோட தமிழ்ல ஒரு வசதி இருக்கு, மன்னிப்பு எழுதேக்க அதே எங்களுக்கு ஆபத்து. செய்த ஆளைச் சொல்லாமலே வசனத்தை முடிக்கலாம். "தாமதம் ஏற்பட்டுள்ளது", "பதில் அளிக்கப்படவில்லை", "அனுப்பப்படும்", இந்த "ஏற்பட", "பட" எல்லாம் நோட்டிஸ் போர்டுத் தமிழ். எழுதி முடிச்ச பிறகு ஒவ்வொரு வசனத்துலயும் "ஆர்?" எண்டு கேட்டுக்கொண்டு போங்க. பதில் இல்லாத இடத்துல "நான்" அல்லது "நாங்க" போட்டுத் திரும்ப எழுதுங்க. "தாமதம் ஏற்பட்டுள்ளது" எண்டது "நாங்க பிந்தி அனுப்பினோம்" எண்டு மாறும். எழுதேக்க கை கூசும், அக்காவுக்கும் கூசிச்சு. கூசுதெண்டா சரியான இடத்தைத் தொட்டிட்டீங்க.

"நாம" எண்டதையும் பாத்துக்கொள்ளுங்க. "நாம எல்லாரும் கஷ்டமான நேரத்துல இருக்கிறோம்" எண்டா கஸ்டமரையும் எங்கட பிழைக்குள்ள இழுத்து விடுறம் எண்டு ஆகிடும். பிழையைச் சொல்ற வசனத்துல கேக்கிற ஆளைச் சேர்க்காத "நாங்க"தான் வரோணும். அதே மாதிரி மன்னிப்புக்குப் பின்னால "ஆனா" வரக்கூடாது. வந்தா முதல் சொன்னதைச் சனம் மறந்திடும், "ஆனா"வுக்குப் பிறகு வாறதுதான் காதுல நிக்கும்.

கடைசியா எந்தச் சொல். "வருந்துகிறோம்" எண்டது கரண்ட் கட் நோட்டிஸ்ல வாற சொல். "சொறி" எண்டது பஸ்ல கால் மிதிச்சாச் சொல்றது. "மன்னிச்சுக்கொள்ளுங்க" எண்டது கேக்கிறது, அதுல முடிவு அவங்கட கையில இருக்கு. நான் இதைத்தான் போடுவன், ஒரே ஒரு தரம். மூண்டு நாலு தரம் சொன்னா நாடகம் மாதிரி ஆகிடும்.

உங்கட கையில இருக்கிறதை மட்டும் வாக்குக் குடுங்க

மெமோவுல "நாளைக்குள்ள எல்லாம் வெளியில போகோணும்" எண்டு இருந்தது. வீடியோவுல அப்படிச் சொன்னா ரெண்டாம் தரமும் பொய்யாகிடும், முதல் பிழையை மன்னிக்கிற சனம் ரெண்டாவதை மன்னிக்காது. சாமான் எப்ப வீட்டுக்கு வரும் எண்டது கூரியர்ட கையில, ரோட்டுட கையில, மழையின்ட கையில. எப்ப கூரியருக்குக் குடுப்போம் எண்டது கடையின்ட கையில. அதால "வெள்ளிக்குள்ள கிடைக்கும்" எண்டு எழுதாம "செவ்வாய் பின்னேரம் 5 மணிக்குள்ள கூரியருக்குக் குடுப்போம்" எண்டு எழுதினோம். நாளும் நேரமும் சொல்லுங்க, "கெதியா", "கூடிய சீக்கிரம்" எண்டது நாள் இல்ல.

பிளவுஸ் குவியல்தான் கஷ்டமா இருந்தது. தையல்கார அண்ணாட்ட நேர போய்க் கேட்டோம், கொட்டாஞ்சேனையில அவரின்ட கடையில. அவர் வியாழன் பின்னேரம் எண்டார், நாங்க ஒரு மணித்தியாலம் நிண்டு எண்ணிப் பாத்து, அவர் சொல்றது நடக்கும் எண்டு தெரிஞ்ச பிறகுதான் எழுதினோம். தீபாவளி அடுத்த திங்கட்கிழமை. வியாழன் குடுத்தா கொழும்புக்குள்ள வந்திடும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் எண்டா நிச்சயம் இல்ல. அதைச் சொல்லியே ஆகோணும்.

அக்காவுக்கு ஒரு நல்ல யோசனை வந்தது, விரும்பின ஆக்களுக்கு சாரியையும் பிளவுஸ் துணியையும் தைக்காமலே அனுப்பி, தையல் காசைத் திருப்பிக் குடுக்கலாம், அவங்க ஊர்லயே தைச்சுப் போடலாம். வீடியோவுல சொல்லத் தயாரா எழுதியும் வச்சிட்டா. நான் நல்லவேளையாக் கேட்டன், துணி வெட்டிட்டாரா எண்டு. 24ல 9 ஏற்கனவே வெட்டியாச்சு, வெட்டின துணியை அனுப்பி என்ன செய்ற. அப்ப இந்த வழி 15 பேருக்குத்தான் சரிவரும். இதை வீடியோவுல விளங்கப்படுத்தப் போனா மிச்சம் எல்லாம் குழம்பும், அதால அந்த 24 பேரையும் கோல்ல பாக்கிறது எண்டு முடிவெடுத்து, வீடியோவுல "நானே கோல் எடுக்கிறன்" எண்டு மட்டும் வச்சோம். ஒரு விஷயத்தைச் சொல்ல மூண்டு "எண்டா" தேவைப்பட்டா, அது வீடியோவுக்குரியது இல்ல.

காசு திருப்பிக் குடுக்கிறதையும் நாள் போட்டுச் சொல்லுங்க, சொல்ல முதல் எக்கவுண்டுல அவ்வளவு காசு இருக்கா எண்டு பாருங்க. அந்த 29 பேரும் கேட்டாலும் குடுக்க ஏலுமா? அக்கா கூட்டிப் பாத்தா, ஏலும். ஏலாட்டி அந்த வசனத்தைப் போடவே கூடாது. வீடியோவுல வாயால சொன்னது எழுத்துல குடுத்த மாதிரி, சனம் சேவ் பண்ணி வச்சுக்கொள்ளும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு கோல் எடுத்து முறையிடுறது எப்படி எண்டு இப்ப நிறையப் பேருக்குத் தெரியும், அங்க போனா உங்கட வீடியோவையே காட்டுவாங்க.

கடைசி ஸ்கிரிப்ட்

திங்கட்கிழமை காலம இப்படி முடிஞ்சது:

"வணக்கம். இந்தக் கடையை நடத்துறது நான்தான். தீபாவளி உடுப்பு 4 நாள்ல வரும் எண்டு சொல்லி உங்கள்ட்ட ஓடர் எடுத்தோம். அதுல 76 ஓடர் இன்னும் உங்கட கைக்கு வரல்ல. மன்னிச்சுக்கொள்ளுங்க.

4 நாள் எண்டு போட்டது நான். ஞாயிறையும் போயாவையும் தைக்கிற நாளையும் கணக்கெடுக்காமப் போட்டன். நீங்க மெசேஜ் போட்டுக் கேக்கேக்க நாங்க பதிலும் சொல்லல்ல. காசையும் போட்டிட்டுப் பதில் இல்லாம இருக்க உங்களை விட்டது எங்கட பிழை.

உங்கட ஓடர் எங்க நிக்குது எண்டு சொல்றன். தையல் வேலை இல்லாத 41 ஓடரும் நாளைக்கு, செவ்வாய் பின்னேரம் 5 மணிக்குள்ள கூரியருக்குக் குடுப்போம். விலாசம் பிழைச்சுத் திரும்பி வந்த 11 பேருக்கும் இண்டைக்குக் கோல் எடுத்து, புதன்கிழமை அனுப்புவோம். பிளவுஸ் தைக்கக் குடுத்த 24 பேருக்கு வியாழன் பின்னேரம்தான் அனுப்ப ஏலும். கொழும்புக்கு வெளியில இருந்தா அது தீபாவளிக்கு முதல் வரும் எண்டு என்னால உறுதி சொல்ல ஏலாது. உங்க 24 பேருக்கும் இண்டைக்கு நானே கோல் எடுத்து, என்ன செய்யலாம் எண்டு கேக்கிறன்.

ஓடர் வேண்டாம் எண்டாச் சொல்லுங்க. காசு போட்டிருந்தா, சொன்ன அடுத்த நாளுக்குள்ள முழுக்காசையும் உங்கட எக்கவுண்டுக்குப் போடுவோம், காரணம் கேக்க மாட்டோம்.

ஓடர் நம்பரைக் கீழ இருக்கிற வட்ஸ்அப் நம்பருக்கு அனுப்புங்க. காலம 8 மணியில இருந்து ராத்திரி 9 மணி வரைக்கும் பதில் வரும். வியாழன் ராத்திரி திரும்ப வந்து எத்தினை போச்சு எண்டு சொல்றன்."

நிதானமா வாசிச்சா ஒண்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல போகும். அதுக்கு மேல போனா வெட்டுங்க, ஆனா நாளையும் காசையும் வெட்டாதீங்க, முன்னுக்கு இருக்கிற வணக்கத்தை வெட்டினாலும் பரவாயில்ல. "விலாசம் பிழைச்சு" எண்டு எழுதினதையும் கவனிங்க, பிள்ளைகள் பிழை எண்டு சொல்லல்ல. ரெக்கோர்ட் பண்ண முதல் ஸ்கிரிப்டை ஸ்டாஃப் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினோம். அந்த மெமோவை வாசிச்சு நொந்துபோயிருந்த பிள்ளைகள் அவங்க, அதுல ஒரு தங்கச்சி, "அப்ப எங்களைச் சொல்லல்லையா அக்கா" எண்டு கேட்டா.

சோதிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. கடையோட சம்பந்தமில்லாத ஒராளுக்கு ஒரே ஒரு தரம் வாசிச்சுக் காட்டுங்க, நாங்க மேல் மாடி அன்ரிக்கு வாசிச்சோம். பிறகு மூண்டு கேள்வி கேளுங்க: எப்ப வரும், காசு என்னாகும், ஆரோட கதைக்கிறது. ஒண்டுக்காவது பதில் தடுமாறினா அந்த இடத்தைத் திரும்ப எழுதுங்க. அன்ரி முதல் தரம் காசுல தடுமாறினா, ஏனெண்டா அப்ப "ரீஃபண்ட் வசதி உண்டு" எண்டு இருந்தது. "அடுத்த நாளுக்குள்ள எக்கவுண்டுக்குப் போடுவோம்" எண்டு மாத்தினது அதுக்குப் பிறகுதான்.

எடுக்கிறதும் போடுறதும்

கடைக்காரரே கதைக்கோணும். இன்பொக்ஸ் தம்பியையோ பக்கிங் பிள்ளையையோ முன்னுக்கு நிப்பாட்டாதீங்க, ஏச்சு முழுக்க அவங்கட முகத்துக்குப் போகும். ஃபோனை முகத்துக்கு நேர வச்சு, ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க, மியூசிக் வேண்டாம். எங்களுக்குக் காலி வீதி பஸ் சத்தம் பெரிய தலையிடி, பின் அறையில யன்னலைச் சாத்தி இயர்ஃபோன் மைக்ல எடுத்தோம். பின்னால பார்சல் குவியல் தெரியாமப் பாருங்க, லேபல்ல கஸ்டமரின்ட பேரும் விலாசமும் ஃபோன் நம்பரும் இருக்கு, ஃபோன் கமெரா இப்ப அதை வாசிக்கிற அளவுக்கு எடுக்கும். பாடமாக்காதீங்க, ஒவ்வொரு பகுதியா வாசிச்சு நிமிர்ந்து சொல்லுங்க, பிறகு ஒட்டலாம்.

சத்தமில்லாமப் பாக்கிற ஆக்கள் நிறைய, எழுத்து கட்டாயம் ஓடோணும். கொழும்புக் கடையெண்டாச் சிங்கள கஸ்டமரும் இருப்பாங்க, சிங்களத்துல எழுத்துப் போடேக்க அந்த மொழி நல்லாத் தெரிஞ்ச ஒராள்ட்டக் காட்டுங்க, முக்கியமா நாளையும் காசையும். வீடியோ போடுறதுக்கு முதல் 76 பேருக்கும் ஓடர் நம்பரோட தனி மெசேஜ் போகோணும், எங்களுக்கு அது காலம போச்சு, வீடியோ பின்னேரம் 6 மணிக்குப் போச்சு. மூண்டு குவியலையும் நாளையும் எழுத்துல முதல் கொமெண்டாப் பின் பண்ணுங்க. ஏசின கொமெண்டை அழிக்காதீங்க, ஒருத்தர் ஸ்கிரீன்ஷொட் எடுத்திருப்பார்.

வேலை செய்யுதா எண்டு முதல் இருபது கொமெண்டைப் பாத்தாத் தெரியும். "என்ட எப்ப வரும்" எண்டே வந்துகொண்டிருந்தா நாள் விளங்கல்ல, எழுத்தைத் திருத்துங்க. ஓடர் நம்பரோட வரத் தொடங்கினா ஸ்கிரிப்ட் சரி. எங்களுக்கு முதல் நாலைஞ்சு ஏச்சுத்தான், பிறகு ஓடர் நம்பர் வரத் தொடங்கிச்சு.

வியாழன் ராத்திரி ரெண்டாவது வீடியோ, அதை மறக்கவே கூடாது, அரை நிமிஷம் போதும்:

"வணக்கம். திங்கட்கிழமை சொன்னதுல 41 ஓடரும் செவ்வாய் போச்சு. திரும்பி வந்த 11ல 9 புதன் போச்சு, 2 பேர் ஃபோன் எடுக்கல்ல, அவங்கட சாமான் கடையில பத்திரமா இருக்கு, தயவுசெய்து கோல் எடுங்க. பிளவுஸ் 24ல 10 பேருக்குத் தைக்காமலே அனுப்பினோம், 4 பேருக்குக் காசு திருப்பிக் குடுத்தாச்சு, மிச்ச 10ம் இண்டைக்குப் பின்னேரம் கூரியருக்குப் போச்சு."

அந்தப் பத்துல 8 தீபாவளிக்கு முதல் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வவுனியாவுக்கும் ஹட்டனுக்கும் அனுப்பின ரெண்டும் போய்ச் சேரல்ல. தீபாவளி அண்டு காலம அக்கா கோயிலுக்குப் போக முதல் அந்த ரெண்டு பேருக்கும் தானே கோல் எடுத்தா. ஹட்டன் அக்கா பழைய சாரி ஒண்டு கட்டியிருந்தா, சாமான் வந்தாத் திருப்பி அனுப்ப மாட்டன், தைப்பொங்கலுக்குக் கட்டுறன் எண்டு சொன்னா. வவுனியாவுல இருந்தவர் ஒண்டும் கதைக்காம வச்சிட்டார், அவருக்கு அடுத்த நாள் முழுக்காசும் போச்சு.